படத்துக்குக் கீழே எழுதும் நாலு வரி: கேஸ் ஸ்டடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் கெபாசிட்டர் பேனல் செய்து விற்கும் ஒருவர், கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனிக்கு அதைப் பொருத்திக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பேனலைப் படம் எடுத்து, கீழே பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள்: “அதிக மின்செலவால் தவித்த வாடிக்கையாளர், எங்கள் பேனலால் கரண்ட் பில் 30% குறைந்தது!”

வாங்க வருகிற கம்பெனியின் எலக்ட்ரிக்கல் மேனேஜர் இதைப் படித்ததுமே நகர்ந்துவிடுவார். இழுக்கும் மின்திறனில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்குதான் பவர் ஃபேக்டர். கெபாசிட்டர் அதை ஏற்றும், அதனால் மீட்டரில் பதிவாகும் உச்ச அளவான கேவிஏ டிமாண்ட் இறங்கும். மோட்டார் இழுக்கும் யூனிட் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். எச்டி எனும் உயர் அழுத்த இணைப்பின் பில்லில் பெரும்பங்கு யூனிட் கட்டணம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அப்புறம் அந்த 30% எங்கிருந்து வந்தது? அனேகமாக ஆர்டர் குவிந்த மாதத்தையும், பொங்கல் லீவு விழுந்த மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

பிரச்சினையைச் சொல்வதிலும் இதே கதைதான். ‘அதிக மின்செலவு’ எல்லாருக்கும் இருக்கிறது. இந்தக் கம்பெனியில் மிக்ஸிங் மில் மோட்டார்கள் ஒரு பேட்சுக்கும் அடுத்த பேட்சுக்கும் நடுவே லோடு இல்லாமல் சும்மா சுற்றுகின்றன. அதில் பவர் ஃபேக்டர் 0.83-க்கு விழுகிறது. எச்டி இணைப்பில் 0.90-க்குக் கீழே போனால் அபராதம் உண்டு. இதைச் சொன்னால், அதே அபராதம் தன் பில்லிலும் இருக்கிறதா என்று படிப்பவர் எடுத்துப் பார்ப்பார்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“கப்பலூர் ரப்பர் பாகத் தொழிற்சாலை. பவர் ஃபேக்டர் 0.83, மாதாமாதம் அபராதம். ஆட்டோமேட்டிக் பேனல் பொருத்திய பின் 0.98. அதே 180 கிலோவாட் லோடில் டிமாண்ட் 217 கேவிஏ-விலிருந்து 184 ஆனது. அபராதம் நின்றது. யூனிட் செலவில் பெரிய மாற்றம் இல்லை.”

‘அதே 180 கிலோவாட் லோடில்’ என்ற சொற்கள்தான் இதில் முக்கியம். உற்பத்தி கூடியதா குறைந்ததா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. 180-ஐ 0.83-ஆல் வகுத்தால் 217, 0.98-ஆல் வகுத்தால் 184. யாரும் போனிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கடைசி வாக்கியத்தைத்தான் விற்பனை ஆட்கள் வெட்டச் சொல்வார்கள். வெட்ட வேண்டாம். விஷயம் தெரிந்தவர் அதைப் பார்த்துத்தான் மற்ற எண்களையும் நம்புவார்.

ரூபாய்க் கணக்கில் மட்டும் அவசரம் கூடாது. மின்வாரியத்தோடு பேசி வைத்த ஒப்பந்த டிமாண்டில் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு எப்படியும் பணம் கட்டியாக வேண்டும். மீட்டரில் 33 கேவிஏ குறைந்துவிட்டது என்பதற்காக அத்தனைக்கும் பணம் மிச்சமாகாது. ஒப்பந்த டிமாண்டைக் குறைக்க எழுதிக் கொடுத்து, புதிய அளவில் பில் வந்த பிறகு அந்தத் தொகையைப் போடுங்கள்.

கம்பெனி பெயரைப் போடுவதென்றால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தரவில்லையென்றால் ஊரும் தொழிலும் லோடு அளவும் போதும். பில் படம் போட்டால் இணைப்பு எண்ணை மறைத்துவிடுங்கள். பவர் ஃபேக்டர் இருக்கும் இடம் மட்டும் தெளிவாகத் தெரியட்டும்.