மாவட்டங்களை ஒப்பிடும்போது ஆயிரம் பேருக்கு எத்தனை என்று பாருங்கள்

இரண்டு மாவட்டங்களை ஒப்பிடும்போது மொத்த எண்ணிக்கையை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். விரிதாளில் எண்ணிக்கை B2-இலும் மக்கள்தொகை C2-இலும் இருந்தால்:

```
=B2/C2*1000
```

30 லட்சம் பேர் உள்ள மாவட்டத்தில் ஓராண்டில் 4,500 விபத்துகள், 6 லட்சம் பேர் உள்ளதில் 1,500 என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையில் முதலாவது மூன்று மடங்கு மோசம். வகுத்துப் பார்த்தால் முதலாவதில் ஆயிரம் பேருக்கு 1.5, இரண்டாவதில் 2.5. ஆள் அதிகம் இருக்கும் இடத்தில் எல்லாமே அதிகமாகத்தான் இருக்கும். வகுத்தால் மக்கள்தொகையால் வரும் அந்த வித்தியாசம் கழிந்துவிடும்.

எதால் வகுக்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சிசு மரணத்தை மொத்த மக்கள்தொகையால் வகுக்கக் கூடாது, உயிருடன் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மக்கள்தொகையும் அதே ஆண்டுக்கு உரியதாக இருக்கட்டும். பழைய கணக்கெடுப்பை எடுத்தால், வேகமாக வளர்ந்த மாவட்டத்தின் விகிதம் வீணாக ஏறித் தெரியும்.

மக்கள் மிகக் குறைவான பகுதிகளில் இந்த விகிதத்தை அப்படியே நம்ப முடியாது. 2,000 பேர் உள்ள இடத்தில் 2 சம்பவம் 4 ஆனாலே விகிதம் இரட்டிப்பாகிவிடும். அங்கே மூன்று, நான்கு ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி பாருங்கள். அப்புறம், எத்தனை படுக்கை, எத்தனை தடுப்பூசி அனுப்ப வேண்டும் என்பதுதான் கேள்வி என்றால் விகிதத்தை விட்டுவிடுங்கள், அதற்கு மொத்த எண்ணிக்கைதான் வேண்டும்.