ஜூனில் ஒரு ஷூ, டிசம்பரில் ஒரு ஷூ

ஆறு வயதுப் பிள்ளைக்கு வருடத்துக்கு ஒரே பள்ளி ஷூ என்று பணம் ஒதுக்கியதுதான் எங்கள் கணக்கில் இருந்த ஓட்டை. அந்த வயதில் பாதம் மாதம் சுமார் 1 மி.மீ. வளரும். இப்போது ஜூனுக்கும் டிசம்பருக்கும் தலா 600, மொத்தம் 1,200 ரூபாய் ஒதுக்குகிறோம்.

மாலையில் பிள்ளையைக் காகிதத்தின் மேல் நிற்கவைத்து, குதிகாலிலிருந்து நீண்ட விரல் நுனிவரை அளக்கவும். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். 18 செ.மீ. என்றால் ஷூவின் உள்நீளம் 19 வேண்டும். உள்ளிருக்கும் மெத்தையை உருவி அளந்தால் தெரியும். அந்த இடைவெளி 5 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். வருடம் முழுக்க ஓட்டலாமென்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் குதிகால் நழுவி உராய்ந்து கொப்புளம் வரும்.

சீருடையில் மிச்சம் பிடிக்கலாம். பேன்ட் அடியில் 2 அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். பிரித்தால் பழைய மடிப்புக் கோடு தெரியும், பரவாயில்லை.