மாதக் காலண்டருக்குக் கட்டம் போடுவது எப்படி? (ஆகஸ்ட் 2026)

மாதக் காலண்டரை நாம் இரண்டு தூரங்களில் நின்று பார்க்கிறோம். தேதியை ஹாலின் மறுமுனையிலிருந்தே பார்த்துவிடுவோம். ஆடி அமாவாசை என்றைக்கு என்று தேடும்போதுதான் கிட்டே போவோம். எழுத்தளவுகளை இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 2026-ஐப் போட்டுப் பார்ப்போம். 1ஆம் தேதி சனிக்கிழமை, மொத்தம் 31 நாள். லேஅவுட்டில் தொல்லை கொடுக்கும் மாதம் இது.

1. கட்டம். தாள் 12 அங்குல அகலம், 18 அங்குல உயரம். பக்கம் வடிவமைக்க Scribus 1.6 என்ற மென்பொருள் இலவசம், தமிழும் உடையாமல் வரும், பழைய 1.4-இல் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். இரு பக்கமும் 12 மி.மீ. விட்டால், ஏழு கிழமைக்கும் தலா 40 மி.மீ. கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் 50 மி.மீ. உயரம் கொடுங்கள். நெடுக்குக் கோடு 0.75 பாயின்ட், குறுக்குக் கோடு 0.25 போதும். அப்போதுதான் கண் கிழமையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும்.

2. ஆறாவது வரிசை. ஞாயிறில் தொடங்கினால் 30, 31 இரண்டும் ஆறாவது வரிசைக்குப் போய்விடும். அதற்காக எல்லாக் கட்டங்களின் உயரத்தையும் குறைக்க வேண்டாம். முதல் வரிசையில் ஞாயிறு முதல் வெள்ளி வரை காலியாகத்தானே இருக்கிறது? 30-ஐ ஞாயிறிலும் 31-ஐத் திங்களிலும் அங்கேயே போடுங்கள். நம் ஊர்க் காலண்டர்களில் இது பழகிய வழக்கம். 23-ஐயும் 30-ஐயும் ஒரே கட்டத்தில் குறுக்குக்கோடு போட்டு அடைப்பவர்களும் உண்டு. ஆனால் தமிழ்த் தேதியும் விசேஷமும் சேர வேண்டிய காலண்டரில் அதற்கு இடம் போதாது.

3. கட்டத்துக்குள். நடுவில் தேதி, 60 பாயின்ட். மேலே இடது மூலையில் தமிழ்த் தேதி, 14 பாயின்ட். அடியில் விசேஷக் குறிப்பு, 9 பாயின்ட், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரி இடைவெளியை 13 பாயின்டாக வையுங்கள். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் 11-ஐ வைத்தால், ‘ஆடிப்பெருக்கு’ என்பதில் ‘ரு’வின் கீழ்ச்சுழி அடுத்த வரியின் மேற்புள்ளியில் இடிக்கும்.

4. நிறம். அச்சில் சிவப்பு என்பது மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்தது. இரண்டு பிளேட்டும் ஒரு மயிரிழை விலகினாலும் 9 பாயின்ட் எழுத்து மங்கிப்போகும். பெரிய எண்ணில் அது தெரியாது. அதனால் 15ஆம் தேதி, சுதந்திர தினத்தில், எண் மட்டும் சிவப்பு. குறிப்பு கறுப்பிலேயே இருக்கட்டும். அந்தக் கறுப்பும், கறுப்பு மையான K 100, மற்ற மூன்று மைகளும் 0 என்று இருக்க வேண்டும்.

5. சரிபார்த்தல். ஒவ்வொரு கிழமையையும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். திங்களில் 31, அப்புறம் 3, 10, 17, 24 என்று ஏழேழாகக் கூட வேண்டும். தமிழ்த் தேதிக்கு ஆடிப்பெருக்கே நல்ல அடையாளம். 3ஆம் தேதிக் கட்டத்தில் ஆடி 18 இல்லையென்றால் மாதம் முழுக்க ஒரு நாள் தள்ளியிருக்கிறது. கட்டத்தை மட்டும் A3 தாளில் 100 சதவீத அளவில் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பத்தடி தள்ளி நின்றால் தேதியும் கிழமையும், ஒரு கை தூரத்தில் 12ஆம் தேதியின் ‘ஆடி அமாவாசை’யும் கண்ணைச் சுருக்காமல் தெரிந்தால், கோப்பை அச்சகத்துக்கு அனுப்பலாம்.