ஆய்வுக்கட்டுரையில் வினையைப் பெயராக்கும்போது செய்யும் தவறுகள்

“ஆசிரியர்களின் மதிப்பீடு குறைவாக இருந்தது.” ஆய்வுக்கட்டுரைகளில் இப்படிப்பட்ட வாக்கியத்தை அடிக்கடி பார்க்கலாம். மதிப்பிட்டது யார்? ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்களா, மாணவர்கள் ஆசிரியர்களுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்களா? வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் பதில் கிடைக்காது.

தமிழில் வினைமுற்று ஒன்றே நிறையச் சொல்லிவிடும். ‘மதிப்பிட்டார்கள்’ என்றால் காலம் தெரிகிறது, செய்தவர்கள் பலர் என்பதும் தெரிகிறது. அதையே ‘மதிப்பீடு’ என்று பெயராக்கினால் இரண்டும் உதிர்ந்துவிடும். ‘ஆசிரியர்கள்’, ‘ஆசிரியர்களை’ என்று எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்துக் காட்டிய வேற்றுமையும் போய், இருவருக்கும் பொதுவாக ‘இன்’ மட்டும் மிஞ்சுகிறது. முதல் தவறு இதுதான்: எழுதுபவருக்கு விடை தெரியும் என்பதால், படிப்பவருக்கும் தெரியும் என்று நினைத்துவிடுவது.

இதைச் சரிசெய்ய வாக்கியம் முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. ‘ஆசிரியர்கள் மதிப்பிட்டது’, ‘ஆசிரியர்களை மதிப்பிட்டது’ என்று எழுதிப் பாருங்கள். இவையும் பெயர்போலவே நிற்கின்றன, ஆனால் வேற்றுமையும் காலமும் அப்படியே இருக்கின்றன. இந்த நடுவழி தமிழில் இருந்தும் கட்டுரையாளர்கள் இதை அதிகம் பயன்படுத்துவதில்லை. பேச்சுநடை போலத் தோன்றும் என்ற தயக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தத் தயக்கம் தேவையற்றது.

அடுத்த தவறு, பெயர்களைச் சங்கிலியாகக் கோப்பது. ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்:

“இணையவழி வகுப்புகளில் மாணவர்களின் பங்கேற்பின் குறைவுக்கான காரணங்களின் கண்டறிதலுக்காக இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.”

பங்கேற்பு, குறைவு, கண்டறிதல், ஆய்வு என நான்கு செயல்கள் பெயராகிவிட்டன. மிஞ்சிய ஒரே வினை ‘மேற்கொள்ளப்பட்டது’. அது வெற்று வினை, வாக்கியத்தை முடிப்பதைத் தவிர அதற்கு வேலை இல்லை. படிப்பவர் நான்கு செயல்களையும் மனத்தில் சுமந்துகொண்டு கடைசிவரை வந்தால், அங்கே புதிதாக எதுவும் கிடைப்பதில்லை.

சரி, வினைகளை மீட்போம். ‘ஆய்வு மேற்கொள்ளப்பட்டது’ என்பது ‘ஆராய்ந்தோம்’ ஆகிறது. ஆராய்வதே காரணத்தைக் கண்டறியத்தான் என்பதால் ‘கண்டறிதல்’ தேவையில்லை. அப்புறம் ‘குறைவு’ என்ற சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறோம். பங்கேற்பு தொடக்கம் முதலே குறைவாக இருந்ததா, போகப்போகக் குறைந்ததா? முதலாவது என்றால், “மாணவர்கள் இணையவழி வகுப்புகளில் ஏன் குறைவாகப் பங்கேற்கிறார்கள் என்று ஆராய்ந்தோம்.” இரண்டாவது என்றால், “மாணவர்கள் பங்கேற்பது ஏன் குறைந்துகொண்டே போகிறது என்று ஆராய்ந்தோம்.” இவை இரண்டு வேறு ஆய்வுகள், இரண்டுக்கும் வேண்டிய தரவும் வேறு. ஒருமுறை அளந்தால் முதல் கேள்விக்குப் போதும், இரண்டாவதற்குப் பலமுறை அளக்க வேண்டும். பெயர்ச்சொல் இந்த வேறுபாட்டை மூடி வைத்திருந்தது. வினையாக்க முயலும்போது எழுதியவரே எங்காவது தடுமாறினால், அந்த இடத்தில் கருத்தே இன்னும் தெளிவாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

‘மாற்றம்’ போன்ற சொற்களிலும் இதே கவனம் வேண்டும். ‘பாடத்திட்ட மாற்றம்’ என்றால் யாரோ மாற்றினார்கள். ‘வெப்பநிலை மாற்றம்’ என்றால் பெரும்பாலும் தானாக மாறியதைச் சொல்கிறோம். எது என்பது முக்கியமான இடத்தில் ‘மாறுதல்’, ‘மாற்றுதல்’ என்றோ, வினையாகவோ பிரித்து எழுதிவிட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெயராக்கத்தையே ஒழிக்கக் கிளம்புவதும் தவறுதான். அதற்கென்று நல்ல இடம் உண்டு. “ஐந்தாம் வாரத்திலிருந்து மாணவர்கள் விவாதங்களில் பங்கேற்பது குறைந்தது. இந்தச் சரிவு, ஒப்படைப்புகள் கூடிய வாரங்களோடு ஒத்துப்போகிறது.” யார், எப்போது, என்ன என்பதை முதல் வாக்கியம் வினையில் சொல்லிவிட்டது. இரண்டாவது வாக்கியம் அது முழுவதையும் ‘இந்தச் சரிவு’ என்று சுருட்டி எடுத்து, அதன்மேல் அடுத்த கருத்தை வைக்கிறது. இங்கே பெயரை எடுத்துவிட்டால் ‘மாணவர்கள் பங்கேற்பது குறைந்தது என்பது’ என்று மறுபடி தொடங்க வேண்டியிருக்கும், வாதம் நகராது. ஆக, முன்பே விரித்துச் சொன்னதைப் பெயராக்கலாம். படிப்பவர் முதன்முறையாகக் கேட்கும் செய்தியைப் பெயராக்கினால்தான் பாரம்.

ஒளிச்சேர்க்கை, புலம்பெயர்வு போன்ற கலைச்சொற்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. துறைக்குள் அவற்றின் பொருள் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அவற்றை உடைத்து எழுதினால்தான் குழப்பம் வரும். தலைப்புகளும் அப்படித்தான்: ‘மாணவர் பங்கேற்பும் பணிச்சுமையும்’ என்று தாராளமாக வைக்கலாம், அடுத்து வரும் முதல் பத்தி வினைகளோடு தொடங்கினால் போதும்.