மண்டபத்தில் லூப் வயர் போட்டும் பேச்சு தெளிவாகக் கேட்கவில்லையா?

கோலாலம்பூரில் உள்ள ஆலய மண்டபங்களில் செவித்துணைக் கருவி அணிந்தவர்களுக்குச் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. மேளம், மின்விசிறி, எதிரொலி எல்லாம் சேர்ந்து பேச்சை மூழ்கடித்துவிடுகின்றன. அதற்காகத்தான் இன்டக்‌ஷன் லூப். மைக்கில் பேசுவது மண்டபத்தைச் சுற்றிய வயரில் மின்னோட்டமாக ஓடும்; அது உண்டாக்கும் காந்தப்புலத்தைக் கருவிக்குள் உள்ள டெலிகாயில் என்ற சின்னச் சுருள் பிடித்துக் காதுக்குள் கொடுக்கும். நடுவில் காற்று வழியாக ஒலி வருவதே இல்லை, அதனால் எதிரொலியும் இல்லை.

வயர் வாங்குவதற்கு முன் பலர் தவறவிடுவது, காசு செலவில்லாத ஒரு சோதனை. டெலிகாயில் உள்ள கருவியை, டெலிகாயிலை மட்டும் இயக்கும் 'டி' நிலையில் வைத்து, மண்டபம் முழுக்க நடந்து பார்க்க வேண்டும். லூப் இல்லாதபோது அமைதியாக இருக்க வேண்டும். 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால், மெயின் சுவிட்ச்போர்டோ, விளக்கு டிம்மரோ, சுவருக்குள் ஓடும் கேபிளோ காந்தப்புலம் வீசுகிறது என்று பொருள். எந்த ஆம்ப்ளிஃபையரும் அதை மறைக்காது. காலியான மண்டபத்தில் காலை பத்து மணிக்குச் சோதித்துவிட்டுப் போகாதீர்கள். ஏர்கோன், மேடை விளக்குகள், அலங்கார விளக்குகள் எல்லாம் எரியும் மாலைப் பூஜை நேரத்தில் பாருங்கள்.

அடுத்த தவறு, இருக்கிற ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரிலேயே வயரைச் சொருகிவிடுவது. மண்டபம் 10 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம் என்று வையுங்கள். சுவரோரமாக ஒரே சுற்று வயர். சர்வதேசத் தரமான IEC 60118-4 கேட்பது, பேச்சின் உச்சத்தில் மீட்டருக்கு 400 மில்லியாம்பியர் காந்தப்புலம். இரும்பே இல்லாத கட்டடத்தில் மண்டபத்தின் நடுவில் இது கிடைக்க, வயரில் சுமார் 5 ஆம்பியர் ஓட வேண்டும். சாதாரண ஆம்ப்ளிஃபையரில் சுருதி ஏற ஏற வயரின் எதிர்ப்பும் கூடி மின்னோட்டம் குறையும். லூப் ஆம்ப்ளிஃபையர் அதை ஈடுகட்டி மின்னோட்டத்தைச் சீராக வைத்திருக்கும்.

நம் மண்டபங்களோ இரும்புக்கம்பி போட்ட கான்கிரீட். கம்பி வலைக்குள் எதிர் மின்னோட்டம் உண்டாகி, புலத்தைத் தின்றுவிடும். நடுப்பகுதியில் இழப்பு அதிகம், அதிலும் உயர் அதிர்வெண்களில் மிக அதிகம். எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரோரம் உட்கார்ந்தவர் "நன்றாகக் கேட்கிறது" என்பார். நடுவில் இருப்பவருக்கு உயிரெழுத்து கேட்கும், 'ச', 'த', 'ப' மங்கிவிடும். அப்போது ஒலியைக் கூட்டிப் பயனில்லை. அகலமான இடத்துக்குத் தரையில் நெருக்கமான பட்டைகளாக வயர் போட்டு, இரண்டு லூப்களின் மின்னோட்ட அலைகளும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாதபடி கட்டம், அதாவது ஃபேஸ், மாற்றி ஓட்டும் அமைப்பு தேவை. டைல்ஸ் ஒட்டிய பிறகு இது பெரிய வேலை, ஆகவே சீரமைப்புத் திட்டமிடும்போதே கேளுங்கள்.

அப்புறம், நம் ஆலயங்களில் எழும் ஒரு பிரச்சினை. நாற்காலியில் உட்கார்ந்தவரின் காது உயரமாக 1.2 மீட்டரை வைத்துத்தான் ஒப்பந்தக்காரர்கள் அளப்பார்கள். சம்மணமிட்டு உட்காரும் பக்தரின் காது அதைவிட வெகு கீழே இருக்கிறது. மேலும் டெலிகாயில் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும் வகையில் கருவிக்குள் பொருத்தப்படுகிறது. தலையை 60 பாகை குனிந்தால் சிக்னல் ஏறக்குறைய பாதியாகிவிடும். கும்பிடும் நேரத்தில் குரல் அமுங்கினால் கருவி கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்தும், குனிந்தும் சோதித்து, அதற்குத் தக்கபடி அளவை வைக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பாழாவது பெரும்பாலும் மைக்கில்தான். கூரையில் தொங்கும் ஒரு மைக்கை லூப்புக்குக் கொடுத்தால் நாதஸ்வரம், தவில், கூட்டத்தின் பேச்சு, எதிரொலி அத்தனையும் காதுக்குள் போகும். மிக்சரில் தனி ஆக்ஸ் வெளியீடு வழியாக குருக்கள், சொற்பொழிவாளர், அறிவிப்பாளர் மைக்குகளை மட்டும் அனுப்புங்கள். "எனக்கு மைக் வேண்டாம் ஐயா, என் குரலே போதும்" என்று பேச எழும் பெரியவருக்கும் மைக்கைக் கையில் கொடுத்துவிடுங்கள். மைக் இல்லாவிட்டால் அவர் குரல் கடைசி வரிசை வரை எட்டினாலும், லூப்புக்குள் ஒரு சொல்லும் போகாது. சபையிலிருந்து கேள்வி கேட்பவருக்கும் இதே விதி.

தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். அடுத்தடுத்த இரு அறைகளில் லூப் போட்டால் ஒரு ஆசிரியர் குரல் மற்ற அறைக்கும் கசியும். அங்கே எஃப்எம் கருவி அல்லது அகச்சிவப்பு முறை பொருத்தமாக இருக்கும்.

மீதிப் பணம் கொடுக்கும் முன், டெலிகாயில் உள்ள கருவி அணிந்த இருவரையாவது மண்டபத்துக்கு அழைத்து, மூலை, நடு, பெண்கள் பக்கம் என்று உட்கார வையுங்கள். சிலரது கருவியில் டெலிகாயில் இருந்தும் திறந்துவிடப்படாமல் இருக்கும், அதைச் செவித்துறை நிபுணர்தான் இயக்க முடியும். மிகச் சிறிய கருவிகள் பலவற்றில் அது இருப்பதே இல்லை. அவர்களுக்காகக் கழுத்தில் மாட்டும் ரிசீவரும் ஹெட்போனும் சிலவற்றை அலுவலகத்தில் வையுங்கள். காது, 'டி' எழுத்துச் சின்னப் பலகையை, உண்மையில் கேட்கும் இடங்களுக்கு மட்டுமே மாட்டுங்கள்.