கதைப் பகடை: ஒன்பதையும் ஒன்றாக உருட்ட வேண்டாம்

பகடைகளை உருட்டி, விழும் படங்களை இணைத்துக் கதை சொல்லும் விளையாட்டு இது. கடைகளில் கிடைக்கும் ‘ரோரிஸ் ஸ்டோரி க்யூப்ஸ்’ பெட்டியில் ஒன்பது பகடைகள் இருக்கின்றன. முகத்துக்கு ஒன்றாக மொத்தம் 54 படங்கள். ஆறு வயதுக் குழந்தையிடம் ஒன்பதையும் ஒன்றாக உருட்டிக் கொடுப்பதுதான் பெரியவர்கள் செய்யும் முதல் தவறு. அத்தனை படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு கதையையும் கட்டுவது அந்த வயதுக்குப் பெரும் சுமை என்பதால், குழந்தை கதையைக் கைவிட்டுப் படங்களின் பெயர்களை மட்டும் ஒப்பிக்கத் தொடங்கிவிடும்.

மூன்று பகடைகள் போதும். சாவி, மீன், குடை விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். “ஒரு சாவி இருந்துச்சு, அப்புறம் ஒரு மீன் இருந்துச்சு, அப்புறம் ஒரு குடை” என்று குழந்தை சொன்னால், அது பட்டியலே தவிர நிகழ்ச்சிகளின் வரிசை அல்ல. இங்கே “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டால் இன்னொரு ‘அப்புறம்’தான் வரும். அதற்குப் பதிலாக “சாவி எப்படி மீன்கிட்ட போச்சு?” என்று இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கேட்க வேண்டும். “கிணத்துல விழுந்துச்சு, மீன் முழுங்கிடுச்சு, அதனால குடையைத் தலைகீழா விரிச்சு மீனைப் பிடிச்சாங்க” என்பது போன்ற பதிலில் ‘அதனால’ வந்துவிட்டதைக் கவனியுங்கள். காரணமும் விளைவும் இணையத் தொடங்கியதற்கு அதுவே அடையாளம்.

அடுத்து, குடையை முதலிடத்துக்கு நகர்த்தி, அதே படங்களால் வேறு கதை சொல்லச் சொல்லலாம். வரிசை மாறினால் காரணமும் மாறும் என்பதைக் குழந்தை கைகளாலேயே உணரும். பகடைகளை விழுந்த வரிசையிலேயே பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்துவோர் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

பிறையைக் காட்டி “வாழைப்பழம்” என்று குழந்தை சொல்லும்போது “இல்லை, அது நிலா” என்று திருத்துவதும் தவறு. பகடைப் படங்கள் எளிய கோட்டோவியங்களாக இருப்பதே பல பொருள்களுக்கு இடம் தருகிறது. கதையின் நடுவே உச்சரிப்பைத் திருத்துவதும் அப்படியே, இழை அறுந்துவிடும்.

வரிசைப்படுத்தும் படஅட்டைகள் வேறு வகை. விதை, முளை, செடி, பூ என்ற நான்கு அட்டைகளுக்குச் சரியான வரிசை ஒன்று உண்டு என்பதால், அங்கே திருத்துவதில் பிழையில்லை; ஆயினும் உடனே விடையைச் சொல்லாமல் “இதை ஏன் முதலில் வைத்தாய்?” என்று கேட்டால், நாம் எண்ணாத நியாயம் ஒன்றும் வெளிவரலாம்: பூவிலிருந்துதானே விதை வருகிறது என்று பூவை முதலில் வைக்கும் குழந்தையை எப்படி மறுப்பது? இந்த இரண்டு விளையாட்டுகளையும் ஒரே அமர்வில் கலந்தால், பகடையிலும் ‘சரியான விடை’ ஒன்று இருப்பதாக எண்ணிக் குழந்தை நம் முகத்தையே பார்க்கத் தொடங்கும்.

வரிசை மனத்தில் பதிந்ததா என்று அறிய, கதை முடிந்ததும் பகடைகளைத் துணியால் மூடிவிட்டு மீண்டும் சொல்லச் சொல்லுங்கள். ஒரு படத்தின் பெயர் விடுபட்டால் கவலையில்லை. சாவி கிணற்றில் விழுந்த நிகழ்ச்சியே விடுபட்டு மீன் மட்டும் வந்தால், அடுத்த முறை இரண்டு பகடைகளோடு தொடங்குவது நல்லது.