பாலிப் எடுத்த பிறகு டாக்டர் தரும் கடிதத்தை எப்படி வாசிப்பது

கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோபி முடிந்து எனக்கு வந்த கடிதம் ஒரே பக்கம்தான். அதில் ஒரு வரி என்னை இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் "என்ன தெரிந்தது" என்ற பத்தி. என் கடிதத்தில், கருப்பையின் பின்சுவரில் 15 மி.மீ. அளவில் காம்புள்ள பாலிப் என்று இருந்தது. பாலிப் என்பது கருப்பையின் உள்படலம் ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக வளர்ந்து துருத்திக்கொண்டு நிற்பது. ஃபைப்ராய்டு தசையிலிருந்து வருவது, அது வேறு. டாக்டர் திரையில் காட்டியபோது, உள்ளே விட்ட சலைனில் சின்ன நாக்கு மாதிரி அசைந்துகொண்டிருந்தது. "இரண்டு கருக்குழாய் வாய்களும் தெரிந்தன" என்று எழுதியிருந்தால் சந்தோஷப்படுங்கள், மூலை வரை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது "எப்படி எடுத்தார்கள்". இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முன்பு எனக்குக் கருப்பையின் உள்படலத்தைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி செய்து எல்லாம் சரி என்றார்கள், ஆனால் இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம் படுவது நிற்கவில்லை. பார்க்காமல் சுரண்டும்போது காம்புள்ள பாலிப் கரண்டிக்குப் பிடிகொடுக்காமல் நழுவிவிடும். அதனால் கேமராவில் பார்த்தபடியே அடியோடு வெட்டி எடுப்பதுதான் சரி. கத்தரியா, லூப்பா, ஷேவரா என்பதை டாக்டரிடமே விட்டுவிடலாம். "அடிப்பகுதியோடு முழுமையாக" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது அந்த வரி: "திசு பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளது." புற்றுநோய் என்று சந்தேகப்பட்டுத்தான் அனுப்பினார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்படியில்லை, எடுத்த பாலிப்பை வழக்கமாகவே அனுப்புவார்கள், ஏனென்றால் பார்வைக்கு நல்லதாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். பெரும்பாலும் சாதாரணமானதாகத்தான் இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டவர்களுக்குப் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல், அவர்கள் இந்த முடிவைத் தவறவே விடக்கூடாது. முடிவு வந்ததும் "ஏடிபியா" என்ற சொல்லைத் தேடுங்கள். செல்களில் இயல்புக்கு மாறான மாற்றம் என்று பொருள். எனக்கு "ஏடிபியா இல்லை" என்று வந்தது. இருந்தால் அடுத்து என்ன என்று டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். முடிவை யார், எப்போது சொல்வார்கள் என்று கடிதத்தில் இல்லையென்றால் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சில நாட்கள் லேசாக ரத்தம் படும், வயிறு இழுத்துப்பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சல், கெட்ட வாடையுள்ள வெள்ளைப்படுதல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி வந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே போய்விடுங்கள்.

பின்சேர்க்கை: மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடும் ஒருவர் பாலிப் திரும்ப வருமா என்று கேட்டிருந்தார். யாருக்குமே வரலாம், அந்த மாத்திரை பாலிப் வளர்வதற்கு ஒரு காரணமும்கூட. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மறுபடி ரத்தம் பட்டால் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.